உரல் சொன்ன மழை

நேற்று நம் ஊரில் மழை பெய்ததா, இல்லையா? இப்படி ஒருவர் கேட்டால் பதில் சொல்லத் தெரியாதா என்று நினைப்பீர்கள். சுருளிவேலின் கதையை முதலில் கேட்ட நாளில், அதைச் சொன்னவர்கள் என்னிடம் இதைத்தான் கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

சுருளிவேல், மார்க்கையன்கோட்டைக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரின் மடைக்காரர். நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் நடந்தது. ஊருக்கு ஒரு கண்மாய், கண்மாய்க்கு ஒரு மடை. நாளுக்கு ஒரு குடும்பம் என்று தண்ணீர் முறை ஓடும். மடையைத் திறப்பதும் அடைப்பதும் சுருளிவேலின் வேலை. வாய்க்காலில் வந்த தண்ணீரை வயலுக்குள் திருப்பிக்கொள்வது முறைக்காரரின் பாடு.

மழை பெய்தால் அன்றைக்கு மடை திறப்பதில்லை. மழையே அன்றைய முறைக்காரருக்குப் பாய்ச்சிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் அடுத்தவர் முறை வந்துவிடும். கண்மாய்த் தண்ணீர் மிச்சப்படவேண்டும் என்று ஊர் கூடிப் போட்ட கட்டுப்பாடு இது. நல்ல கட்டுதான். ஆனால் எது மழை, எது தூறல் என்பதில் ஒவ்வொரு தடவையும் சண்டை வந்தது. முறைக்காரர், "மண்ணே நனையல, இது ஒரு மழையா?" என்பார். அடுத்த முறைக்காரர், "வெள்ளமா ஓடிச்சே, கண்ணு தெரியலையா?" என்பார். நடுவில் நின்ற சுருளிவேல் இரண்டு பக்கமும் வசவு வாங்கினார்.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். சாவடி முன்னால் உபயோகமில்லாமல் ஒரு கல் உரல் கிடந்தது. அதன் குழிக்குள் உளியால் ஒரு கோடு போட்டார்கள். பொழுது சாய உரலைத் துடைத்து வைக்கவேண்டும். விடியும்போது மழைத்தண்ணீர் கோட்டைத் தொட்டிருந்தால் மடை கிடையாது. தொடாவிட்டால் உண்டு. அதற்குமேல் பேச்சே இல்லை.

அன்றிலிருந்து சுருளிவேலுக்கு மரியாதை ஏறிவிட்டது. அவரும் அதற்கேற்ப நடந்துகொண்டார். யார் வீட்டிலும் மோர்கூடக் குடிப்பதில்லை. யார் வயல் வரப்பிலும் கால் வைப்பதில்லை. வயலைப் பார்த்தால் மனசு இரங்கும், இரங்கினால் முறை கெட்டுப்போகும் என்பது அவர் எண்ணம். "கல்லுக்குக் கண்ணு கெடையாது, அதான் அது யோக்கியமா இருக்கு" என்று ஊர்ப் பெரியவர் ஒச்சாண்டி அடிக்கடி சொல்வார். அவருடைய வெற்றிலைக் கொடிக்கால் மடைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

ராக்கம்மாளின் வயலோ வாய்க்கால் கடைசியில், பாறைக்கரட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. புருஷன் இல்லாதவள். இருந்தது அந்த ஒரு வயல்தான். அந்தப் போகம் பயிர் பொதி கட்டி, கதிர் வெளியே வரும் நேரம். அப்போது தண்ணீர் இல்லையென்றால் கதிர் பதராகிவிடும்.

அவள் முறை வந்த நாளின் விடியலில் ஊருக்குள் மழை கொட்டியது. உரலில் தண்ணீர் கோட்டைத் தாண்டி நின்றது. சுருளிவேல் மடையைத் திறக்கவில்லை. ராக்கம்மாள் கரட்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். சேலையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"ஏண்ணே, மடையைத் தொறக்கலையா?"

"மழை பெஞ்சிருக்குல்ல ஆத்தா."

"எங்க பெஞ்சுச்சு?"

"உரல்ல பாரு."

"நான் என்ன உரலுக்குள்ளயா நெல்லு நட்டிருக்கேன்? கரட்டுக்கு அங்கன ஒரு சொட்டு விழலண்ணே. வந்து பாருங்க."

"நான் வந்து பாக்கக் கூடாது. கல்லு சொன்னாச் சொன்னதுதான்."

அடுத்த சுற்றிலும் அப்படியே ஆனது. கரடு வரைக்கும் வந்த மழை, வழி மறந்தது போல அங்கேயே நின்றுவிட்டது. உரல் நிறைந்தது, மடை அடைத்தே கிடந்தது. ராக்கம்மாளின் வயலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டது. ஊரின் கணக்குப்படி அந்த வயலுக்கு இரண்டு முறை தண்ணீர் பாய்ந்திருந்தது!

அவள் ஊர்க்கூட்டத்தில் போய் நின்றாள்.

"ஆளுக்கு ஒரு உரல் வைக்க முடியுமா ஆத்தா?" என்று ஒச்சாண்டி சிரித்தார். "எல்லாருக்கும் பொதுவா ஒரு கல்லுன்னு பெரியவுக எல்லாரும் சேந்துதான சொன்னாக."

"பொதுக்கல்லுதான மாமா? அப்ப எங்கன கெடந்தா என்ன? எம் வயல்ல கெடக்கட்டும்."

கூட்டம் சிரித்தது. ஒச்சாண்டி சிரிக்கவில்லை. யோசித்தார். கரட்டுக்கு அந்தப் பக்கம் மழை விழுவதே அபூர்வம். உரல் அங்கே இருந்தால் தண்ணீர் கோட்டைத் தொடாது. மழைநாளிலும் மடை திறக்கும். நிதம் தாகமெடுக்கும் கொடிக்காலுக்கு அது நல்லதுதானே? "நாயமான பேச்சு" என்றார். உரலை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள்.

ஒச்சாண்டியின் முறை வந்தது. விடியற்காலையில் சுருளிவேல் கரட்டைச் சுற்றிப் போய்ப் பார்த்தார். கண்ணை உரலோடு வைத்துக்கொண்டார், வயல் பக்கம் திருப்பவில்லை. உரல் காய்ந்து கிடந்தது. திரும்பி வந்து மடையைத் திறந்தார். திறந்த கொஞ்ச நேரத்தில் ஊருக்குள் இடியோடு மழை பிடித்துக்கொண்டது.

தண்ணீர் திருட்டுக்குப் பயந்து, முறை இல்லாதவர்கள் தங்கள் வயலுக்குள் தண்ணீர் நுழையும் வாமடையை மண்ணால் இறுக்கி அடைத்து வைத்திருப்பார்கள். அதனால் மடைத்தண்ணீரும் மழைத்தண்ணீரும் சேர்ந்து போக இருந்தது ஒரே வழி, ஒச்சாண்டியின் கொடிக்கால். அவர் தன் வாமடையை அடைத்தாலும் வாய்க்கால் பொங்கி அங்கேதான் விழும். தண்ணீர் நின்றால் வெற்றிலைக்கொடி வேர் அழுகிவிடும். ஒச்சாண்டி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மடைக்கு ஓடி வந்தார்.

"ஏலே சுருளி! மடையை அடைடா!"

"கல்லு காஞ்சு கெடக்கு மாமா."

"மழை பேயுது பாரு! ஒனக்குக் கண்ணு இல்லையாடா?"

"கண்ணு இருந்தா யோக்கியம் போயிரும்னு நீங்கதான மாமா சொன்னீக."

சுருளிவேல் கேலியாகச் சொல்லவில்லை. அப்படியே நம்பித்தான் சொன்னார். மழையில் நனைந்தபடி, வெட்டவெளியில் மடையைத் திறந்துவைத்துக் காவல் காத்தார். ஒச்சாண்டிக்கு வேறு வழி தெரியவில்லை. மண்வெட்டியை எடுத்துத் தன் கொடிக்கால் கரையைத் தானே வெட்டிவிட்டார். தேங்கிய தண்ணீர் வடிகாலில் பாய்ந்து, கரட்டைச் சுற்றிக்கொண்டு பள்ளத்துக்கு ஓடியது. பள்ளத்தில் இருந்தது ராக்கம்மாளின் வயல்.

முறையும் இல்லை, மழையும் இல்லை. ஆனால் அவள் வயல் நிறைந்தது. ஓரத்தில் கொஞ்சம் பதராகிவிட்டது. மற்றதெல்லாம் கதிர் பிடித்தது. கொடிக்காலில் பாதி அழுகியது.

அறுப்பு அன்றைக்கு, மடைக்காரருக்கு வழக்கமாகக் கொடுக்கும் கதிர்க்கட்டை வாங்க சுருளிவேல் களத்துக்குப் போனார். ராக்கம்மாள் ஒரு கட்டைத் தூக்கி வைத்தாள். அவர் கை நீளவில்லை.

"நான் ஒனக்கு மடையே தொறக்கலையே ஆத்தா. இதை எப்படி வாங்க?"

"வழக்கத்தை மாத்த வேணாம், எடுத்துக்கங்க. அண்ணே, எம் வயலு எப்படி இருந்துச்சுன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"உரல் வரைக்கும்தான் வந்தேன்."

"உரலுக்கு அங்கிட்டு நாலு எட்டுல வயலு இருந்துச்சுண்ணே."

அவர் கட்டைத் தலையில் ஏற்றினார்.

அடுத்த போகத்தில் ஊர் புதுக்கட்டு போட்டது. மழை பெய்த நாளில் மடைக்காரர் அன்றைய முறைக்காரரின் வயலுக்கே போகவேண்டும். மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தி, ஈரம் வேர் வரைக்கும் இறங்கியிருந்தால் மடை இல்லை, இறங்காவிட்டால் உண்டு. சுருளிவேல் வரப்பு வரப்பாக நடந்தார், குனிந்து மண்ணைத் தொட்டார். "போன வருஷம் வரைக்கும் யோக்கியமான மனுசன், இப்பப் பாரு, வயலுக்கு வயலு போயி நிக்கிறாரு" என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சோடுதான் அவர் கடைசிவரை மடை பார்த்தார். எந்த வயலும் வெடிக்கவில்லை.

இதைப் படித்தவர்களே, தண்ணீர் முறை ஓடும் ஊர்களில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், இந்தக் கதையை ஒரு தரம் சொல்லிவிடுங்கள். முக்கியமாக, மழையை ஊர் நடுவில் ஒரே இடத்தில் அளக்கிறவர்களுக்கு.