ஒன்பதாயிரத்து முந்நூறுக்குக் கீழே இல்லை

துப்புரவுக் குத்தகைக்காரர் இருதயத்துக்குக் கோபம் வந்தால் கணக்கு மறந்துவிடும். போன வருடம் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றின் துப்புரவுக் குத்தகையைப் பேசப் போனவர், "உங்களால முடியாதா அங்கிள்?" என்று நிர்வாகக் குழுத் தலைவர் சீண்டியதில் விலையை இறக்கிவிட்டு, பன்னிரண்டு மாதம் கைக்காசைப் போட்டார்.

அதே குத்தகையைப் புதுப்பிக்கப் போகும் இந்த முறை, மனைவி டோரிஸ் முதல் நாளே பிடித்து உட்கார வைத்தாள். நாலு ஆள் சம்பளம், இபிஎஃப் சேமநிதி, சொக்சோ காப்புறுதி, தரை கழுவும் மருந்து, லோரி எண்ணெய் எல்லாம் சேர்த்து மாதம் எட்டாயிரத்துத் தொள்ளாயிரம் வெள்ளி செலவு. அதே நாலு பேரைச் செமினியில் ஒரு தொழிற்சாலையும் கேட்கிறது. அங்கே செலவு போக நானூறு மிஞ்சும்.

"அப்போ ஒன்பதாயிரத்து முந்நூறுக்குக் கீழ போனா எந்திரிச்சி வந்துருங்க. அங்க போய் யோசிக்காதீங்க."

மறுநாள் அவர் பத்தாயிரம் கேட்டார். தலைவர் சிரித்தார்.

"இன்னொருத்தன் எட்டாயிரத்து ஐந்நூறுக்கே செய்றேங்கிறான். கூட்டுற வேலைதானே அங்கிள், என்ன பெரிய வித்தை?"

இருதயத்துக்குக் காது சுட்டது. எட்டாயிரத்து நானூறுக்கே செய்து காட்டவா என்று கேட்க நாக்கு துடித்தது. பல்லைக் கடித்தார். பேரம் இழுத்து இழுத்து, தலைவர் ஒன்பதாயிரத்து இருநூறில் நின்றார்.

"முந்நூறு. அதுக்குக் கீழ இல்ல பாஸ்."

"நூறு வெள்ளிக்கா இவ்ளோ கோவம்?"

"கோவத்துல பேசியிருந்தா இந்நேரம் சைன் பண்ணியிருப்பேன்லா."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். லிஃப்டில் இறங்கும்போதே செமினித் தொழிற்சாலைக்குப் போன் போட்டார்.