ஒரு டீயும் ஒரு லோரியும்

இரண்டு வேலைகளுக்கு நடுவே எனக்கு ஒன்றரை மாதம் ஓய்வு கிடைத்தது. பெட்டாலிங் ஜெயா அலுவலகத்தை விட்டுவிட்டேன், அடுத்த இடத்தில் சேர இன்னும் நாள் இருந்தது. அந்த இடைவெளியில்தான் கிள்ளானில் அண்ணி நடத்தும் சாப்பாட்டுக் கடைக்குத் தானாகப் பதில் சொல்லும் வாட்ஸ்அப் பாட் செய்து கொடுத்தேன்.

அண்ணிக்குக் காலை ஆறு மணியிலிருந்து செய்திகள் வரும். "ரெண்டு தோசை", "அக்கா இருக்கீங்களா", பூப்படத்தோடு காலை வணக்கம், ஒரு நிமிடத்துக்கு நீளும் குரல் பதிவு எல்லாம் கலந்து வரும். கை முழுக்க மாவோடு அவள் போனைத் தொட முடியாமல் நிற்பாள்.

"ஒரே மாதிரி எழுத்துல வந்தா போதும்லா. என்ன வேணும், எத்தன வேணும். வேற எதுவும் நான் கேக்கல," என்றாள்.

கடையின் எண்ணை வணிகக் கணக்காக மாற்றி, ஒரு சேவை நிறுவனத்தின் இணையப் பலகையில் கட்டங்களை இழுத்து இணைத்து வேலையை ஆரம்பித்தேன். வாடிக்கையாளர் எதை எழுதினாலும் பாட் வணக்கம் சொல்லும். அதன் கீழே "மெனு பார்க்க" என்ற பட்டன் இருக்கும். அழுத்தினால் பட்டியல் விரியும். ஒன்றைத் தேர்ந்து, எத்தனை என்று எழுதி, உறுதி செய்தால் அது எங்களுக்கு வரும்.

முதல் சிக்கல், அந்தப் பட்டியலில் பத்து வரிகள்தான் இடம் பெறும். காலை, பலகாரம், பானம் என்று பிரித்துப் போட்டாலும் எல்லாம் சேர்த்துப் பத்துதான். அண்ணியிடம் பதின்மூன்று வகைகள் இருந்தன.

"சேமியா உப்புமாவ எடுத்துரலாம். யாரு கேக்குறா?" என்றேன்.

"நான் கேக்குறேன்."

அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு, வார இறுதியில் மட்டும் செய்யும் பணியாரம் முதலான மூன்றை எடுத்தோம். அவற்றை வைத்து சனி, ஞாயிறுக்குத் தனிப் பட்டியல் போட்டேன். சேமியா உப்புமா இரண்டிலும் இருந்தது.

திங்கட்கிழமை பாட் ஓட ஆரம்பித்தது. போர்ட் கிள்ளானுக்குக் கண்டெய்னர் ஏற்றிப் போகும் லோரி டிரைவர் ஒருவர் அண்ணியின் பழைய வாடிக்கையாளர். அவரால் கடை முன்னால் ஒரு நிமிடத்துக்கு மேல் நிறுத்த முடியாது. பின்னால் வரும் கார்கள் ஹாரன் அடித்துத் தெருவையே கூட்டிவிடும். முன்கூட்டியே சொல்லி வைத்தால் புங்குஸ், அதாவது பொட்டலம், கட்டி ரெடியாக இருக்கும், வாங்கிக்கொண்டு போய்விடலாம். பாட் முக்கியமாக அவருக்குத்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

லோரி வந்து நின்றது. ஒரு டீயை நீட்டினேன்.

"எங்கேம்மா மத்ததெல்லாம்?"

"இதான் அண்ணே வந்துச்சு. டீ ஒண்ணு."

"என்னம்மா வெளயாடுறியா? ரெண்டு தோச, நாலு வட, அதுக்கப்புறம்தான் டீ. மூணு தடவ அழுத்தினேன்!"

பின்னால் ஹாரன் ஆரம்பித்துவிட்டது. தோசைக்கு நேரமில்லை. அண்ணி ஓடி வந்து கண்ணாடிப் பெட்டியில் இருந்த வடையை அள்ளிப் பையில் போட்டுக் கொடுத்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே லோரியை எடுத்தார். என் முகம் சூடாகிவிட்டது.

உட்கார்ந்து பார்த்ததும் தவறு புரிந்தது. பட்டியலில் ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அவர் தோசையைத் தேர்ந்து இரண்டு என்று எழுதியிருக்கிறார். கீழே "சரி", "ரத்து" என்ற பட்டன்கள் வந்திருக்கின்றன. அவர் அவற்றைத் தொடாமல், மேலே இருந்த அதே பட்டியலை மறுபடி திறந்து வடையை எடுத்தார், பிறகு டீயை எடுத்தார். கடைசியில்தான் "சரி"யை அழுத்தினார். நான் பொருளுக்கு ஒரே ஓர் இடம் ஒதுக்கியிருந்தேன். தோசை மேல் வடையும் வடை மேல் டீயும் போய் உட்கார்ந்துவிட்டன. அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. பசியோடு இருக்கிற எவரும் அப்படித்தான் செய்வார்கள்.

அன்று பிற்பகல் முழுவதும் அதை மாற்றினேன். ஒவ்வொரு தேர்வும் முந்தையதன் கீழே சேர வேண்டும். ஒவ்வொரு முறையும் இதுவரை சொன்ன எல்லாவற்றையும் காட்டி, மூன்று பட்டன்கள் தர வேண்டும். மூன்றுக்கு மேல் வைக்கவும் முடியாது.

முதல் பட்டனுக்கு "இன்னும் சேர்க்க வேண்டும்" என்று எழுதினேன். நீளம் அதிகம் என்று மறுத்தது. பட்டனில் இருபது எழுத்து வரை போடலாம். விரல் விட்டு எண்ணினால் இடைவெளியோடு பதினான்குதான் வந்தது. பிறகுதான் தெரிந்தது, அது புள்ளியையும் கொம்பையும் தனித்தனி எழுத்தாக எண்ணுகிறது. அதன் கணக்கில் இருபத்து நான்கு.

அண்ணி எட்டிப் பார்த்தாள். "நாம பேசுற மாதிரி போடேன். 'இன்னும் வேணும்'னு."

போட்டேன், ஏற்றுக்கொண்டது. அடுத்தது "போதும்", மூன்றாவது "ரத்து". அண்ணிக்கு ஒரே சந்தோஷம். "இப்பத்தான் நம்ம கட மாதிரி பேசுது," என்றாள்.

மறுநாள் டிரைவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அன்று அவருக்கு விடுமுறை. லோரி இல்லாமல், மோட்டார் சைக்கிளில் அவரே வந்து இறங்கினார். போனை நீட்டினார்.

"நீ செஞ்சதுதானே? வா, என் முன்னாடியே பாப்போம்."

இருவரும் மேசையில் உட்கார்ந்தோம். தோசை, இரண்டு. "இன்னும் வேணும்." வடை, நாலு. "இன்னும் வேணும்." டீ, ஒன்று. திரையில் மூன்றும் வரிசையாக நின்றன. அவர் "போதும்" என்று வாயால் சொல்லிக்கொண்டே அழுத்தினார். அடுப்புப் பக்கம் மாட்டியிருந்த டேப்லெட்டில் சத்தம் கேட்டது. அண்ணி அங்கிருந்தே, "ரெண்டு தோச, நாலு வட, ஒரு டீ!" என்று கத்தினாள்.

"ஆ, இது சரி," என்றார்.

அவர் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் விரல் மேலே தள்ளிக்கொண்டே போனது. ஞாயிற்றுக்கிழமை நான் சோதனைக்காக அவருக்கு அனுப்பியிருந்த வார இறுதிப் பட்டியல் அங்கே அப்படியே இருந்தது. திறந்தார். பணியாரத்தைத் தேர்ந்து அனுப்பிவிட்டு ஐந்து என்று எழுதி, "போதும்" கொடுத்தார். டேப்லெட் மறுபடி சத்தம் போட்டது.

"பணியாரமா?" அண்ணி உள்ளேயிருந்து தலையை நீட்டினாள். "இன்னிக்கு ஏது பணியாரம்?"

பழைய பட்டியல் மறைவதில்லை. யார் எப்போது வேண்டுமானாலும் அதைத் திறந்து அழுத்தலாம். ஒவ்வொரு வரிக்கும் பின்னால், வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளச் சொல்லை நான் வைத்திருந்தேன். அழுத்தியதும் அது என்னிடம் திரும்பி வரும். அது வந்தவுடன், இன்றைக்கு அந்தப் பொருள் உண்டா என்று பார்க்கும் ஒரு கட்டத்தை அவர் எதிரிலேயே சேர்த்தேன். மறுபடி அழுத்தச் சொன்னேன். "பணியாரம் சனி, ஞாயிறு மட்டும். இன்றைய மெனு இதோ," என்று பதில் வந்து, புதுப் பட்டியலும் கூடவே வந்தது.

அவர் அதை இரண்டு தடவை வாசித்தார். "மொகத்துக்கு நேரா இல்லன்னு சொல்றதுலகூட ஒரு மரியாத இருக்கு," என்று சிரித்தார்.

சாப்பிட்டு முடித்தவர் கை கழுவிவிட்டு, தன் லோரி யார்டில் இருக்கும் மற்ற டிரைவர்களுக்குக் கடை எண்ணை அனுப்பினார். தான் கற்றதையும் சேர்த்து ஒரு குரல் பதிவு போட்டார்: "டேய், பட்டன மட்டும் அழுத்து, கத எழுதாத. 'போதும்' குடுக்குற முன்னாடி ஒரு தடவ படிச்சிரு." எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்த விளக்கத்தை விட அது தெளிவாக இருந்தது.

புது வேலையில் சேரும் வரை தினமும் காலையில் கடைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். லோரிகள் வரும், பொட்டலம் ஜன்னல் வழியாக ஏறும், ஹாரன் அடிக்கும் முன்பே லோரி கிளம்பிவிடும். பூப்படம் அனுப்புகிறவர்கள் நிற்கவில்லை. அவர்களுக்கும் பாட் சளைக்காமல் வணக்கம் சொல்லி மெனுவை நீட்டியது. அண்ணி மாவுக் கையைத் தூக்கிப் பிடித்தபடி டேப்லெட்டை நிமிர்ந்து பார்த்து, அடுத்த தோசையை ஊற்றுவாள். எனக்கு அங்கே செய்ய ஒன்றும் இருக்காது. ஒரு தட்டு இட்லியை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவேன்.