எந்த வண்டிக்குப் பொருந்தும்

பூரணிக்குப் போன் வந்தால், தீவின் ஏதோ ஒரு மூலையில் யாருக்கோ தப்பான சாமான் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நலம் விசாரிக்க அவளை யாரும் கூப்பிடுவதில்லை. அம்மா போன பிறகு திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தை விட்டுவிட்டு ஹட்டன் டவுனில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். தம்பி கட்டாரில் இருக்கிறான். தீபாவளிக்கு ஒரு குரல் செய்தி அனுப்புவான், அதோடு சரி. நாற்பத்திரண்டு வயதில் இனி யார் வரப்போகிறார்கள் என்று அவளே முடிவுகட்டி, அதை மறந்தும்விட்டாள். மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள்.

சூசைரட்ணத்தின் வாகன உதிரிப்பாகக் கடையில் அவளுக்கு மாடி அறை. கீழே கவுண்டரில் ஆளும் பேச்சும் ஓயாது. மேலே ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன், கூரை முட்ட அட்டைப்பெட்டிகள். இணையத்தில் விற்கும் ஒவ்வொரு சாமானுக்கும் கீழே அது எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று எழுதுவதுதான் வேலை. மொத்த வியாபாரி பெட்டியில் ஒட்டியனுப்பும் தாளை அப்படியே பார்த்து அடிப்பாள். தாளில் பிழை இருந்தால் அவள் எழுத்திலும் பிழை.

ஒருநாள் சூசைரட்ணம் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். திரும்பி வந்த பெட்டிகளைப் பார்த்ததும் அவருக்கு ஏறிய மூச்சு இறங்கவே இல்லை.

“பூரணி, பத்துப் பொட்டி போனா மூணு திரும்பி வருது. கொரியர்காரன் என்னைப் பாத்துச் சிரிக்கிறான். நீங்க என்னத்தத்தான் எழுதுறீங்க?”

அவளுக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து திரும்பி வந்த ஒவ்வொரு பெட்டிக்கும் அவளே போன் எடுத்து, ஏன் பொருந்தவில்லை என்று கேட்டாள். அப்போதுதான் புரிந்தது. வாங்குகிற ஆள் வண்டிக்கு முன்னால் நின்று, தன் இடது கைப்பக்கம் இருக்கும் விளக்கை இடது என்கிறார். வண்டிக்கு அது வலது. எனவே ‘ட்ரைவர் பக்கம்’, ‘க்ளீனர் பக்கம்’ என்று எழுதினாள். ஜப்பானில் செய்து நாலைந்து வருஷம் ஓடிய வண்டியை இங்கே கொண்டுவந்து பதிந்தால், பதிந்த வருஷத்தையே எல்லோரும் வண்டியின் வருஷமாகச் சொல்கிறார்கள். எனவே, ‘பதிந்த வருஷத்தைப் பார்க்காதீர்கள், வண்டிச் சட்டத்தில் அடித்திருக்கும் சேசி நம்பரில் சிறு கோட்டுக்கு முன்னால் இருப்பதைப் பாருங்கள்’ என்று எழுதினாள். மாதம் ஒன்றானது. பத்துக்கு ஒன்று என்று குறைந்தது. அப்படித் திருப்பி அனுப்பியவர்களில் ஒருவர் ஜீவராஜ்.

உடப்புசல்லாவையில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். முன் பிரேக் பேட் வாங்கினார். முதல் தடவை பதிந்த வருஷத்தைப் பார்த்து வாங்கியதில் மாறிப்போனது. இரண்டாம் தடவை சேசி நம்பரைச் சரியாகவே சொன்னார். பூரணியும் சரியாகவே பார்த்து அனுப்பினாள். அதுவும் திரும்பி வந்தது.

“மிஸ், நாலு நாளா வேன் நிக்குதுங்க. பிரேக் இல்லாம இந்த எறக்கத்துல புள்ளைங்கள ஏத்த எனக்குத் தைரியம் வரல. எல்லாம் மழையில நடந்து போகுதுங்க,” என்றார் போனில். கோபம் இல்லை. அதுதான் அவளைப் பிடித்து ஆட்டியது.

“வேன் இப்ப பக்கத்துல இருக்குங்களா?”

“அதுக்குக் கீழதான் மிஸ் படுத்திருக்கேன்.”

பூரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அளக்கும் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு, திரும்பி வந்த பேடை மேசையில் வைத்தாள். “பழசக் கழட்டி அளந்து சொல்லுங்க. கனத்த விடுங்க, அது தேஞ்சிருக்கும். பின்னால இருக்கிற தகட்டோட நீளமும் ஒசரமும் வேணும்.”

அவர் அங்கே அளந்து சொன்னார். இவள் இங்கே அளந்து பார்த்தாள். நீளத்தில் ஒன்றரை விரல் வித்தியாசம். மழை எப்படி என்று இவள் கேட்டாள். வேனைத் தவிர வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை, வேனும் இப்போது பேசுவதில்லை என்று அவர் சொன்னார். கடைசியில்தான் ஞாபகம் வந்தவர்போல, “மிஸ், மொத ஓனர் முன் பிரேக்க மாத்தினதா ஒரு கத இருக்குங்க. எறக்கத்துக்குப் பத்தலன்னு பெரிய வேனோட டிஸ்க்கு, காலிப்பர் எல்லாம் போட்டாராம்,” என்றார்.

“இத மொதல்லயே சொல்லக்கூடாதுங்களா?”

“நீங்க கேக்கலையே மிஸ்.”

உண்மைதான். மலையில் பாதி வண்டிகள் இப்படித்தான் ஓடுகின்றன. சேசி நம்பர் ஒரு வண்டி, சக்கரத்துக்குள் இன்னொரு வண்டி. அன்றே எல்லா பிரேக் பேடுக்கும் கீழே ஒரு வரி சேர்த்தாள்: ‘முன் பிரேக் மாற்றிய வண்டியாக இருந்தால் சேசி நம்பரை நம்ப வேண்டாம். பழைய பேடின் பின்தகட்டை அளந்து, கீழே உள்ள அளவோடு ஒத்துப் பாருங்கள்.’ ஜீவராஜுக்குப் பெரிய வேனின் பேட் போனது. மூன்றாம் நாள் போன் வந்தது. “பூட்டு போட்ட மாதிரி ஒக்காந்துருச்சி மிஸ்! அடுத்தது பின் பிரேக் ஷூ பாக்கணும். சிக்கல் வந்தா உங்களத்தான் கூப்பிடுவேன்.”

அந்தக் கடைசி வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் பத்து நாள் வாழ்ந்தாள். நல்ல புடவையாக உடுத்தினாள். மாடி அறையில் யார் பார்க்கப் போகிறார்கள்! போன் அடித்தால் இரண்டாவது மணிக்குள் ரிசீவர் கையில் இருக்கும். கூப்பிட்டது மாத்தறை, குருணாகல், ஒரு தடவை பாங்க். உடப்புசல்லாவை மட்டும் இல்லை.

பிறகு அந்த வேன் ரகத்துக்கான பின் பிரேக் ஷூ கடைக்கு விற்பனைக்கு வந்தது. ஒரே சேசி நம்பருக்கு, ஷூ உட்காரும் டிரம் இரண்டு அளவில் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். தாளில் அது இல்லை. தாளில் உள்ளபடியே போட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. ஜீவராஜ் வாங்குவார், பாதிக்குப் பாதி பொருந்தாது, போன் அடிக்கும். அவர் வேனுக்குக் கீழே, இவள் அடிமட்டத்தோடு மேசையில். அரை மணி நேரமாவது பேசலாம்.

விரல் விசைப்பலகை மேல் அப்படியே நின்றது. ஆசையாக இருந்தது, வெட்கமில்லாமல் ஆசையாக இருந்தது. மழையில் நடந்து போன பிள்ளைகளும் கண்ணில் வந்து நின்றார்கள். போயும் போயும் பிரேக்கிலா விளையாடுவாய் என்று தன்னையே வைதுகொண்டு எழுதினாள். ‘இந்த வேனில் இரண்டு அளவு டிரம் உண்டு. டிரம்மைக் கழற்றி உள் விட்டத்தையும், பழைய ஷூவின் அகலத்தையும் அளந்த பிறகே வாங்குங்கள். பின் பிரேக்கையும் மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள்.’ எங்கே அடிமட்டத்தை வைப்பது என்று படமும் எடுத்துப் போட்டாள். ஒரு சந்தேகமும் மிச்சம் வைக்கவில்லை.

அந்த வாரமே ஜீவராஜ் பெயரில் ஓர் ஓடர் வந்தது. அவளே பெட்டியைக் கட்டி, அவர் பெயரைத் தன் கையால் எழுதினாள். பெட்டி திரும்பி வரவில்லை. போனும் வரவில்லை.

மாதக் கடைசியில் சூசைரட்ணம் மறுபடியும் மாடியேறினார். இந்தத் தடவை மூச்சு வாங்கவில்லை. “இந்த மாசம் பூராவும் ரெண்டே ரெண்டு பொட்டிதான் திரும்பியிருக்கு. நீங்க எழுதுறத படிச்சா எனக்கே வண்டி வாங்கணும்போல இருக்கு!” என்றவர், குனிந்து சுவரிலிருந்து போன் வயரைப் பிடுங்கினார். “இது இங்க சும்மாதானே கெடக்கு. கீழ கவுண்டர்ல லைன் பத்தல.”

“கொண்டு போங்க சேர்,” என்றாள்.

அவர் இறங்கிப் போனார். போன் இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம் தெரிந்தது. பூரணி அன்று வந்த கருத்துகளைத் திறந்தாள். பின் பிரேக் ஷூவுக்குக் கீழே ஐந்து நட்சத்திரம், உடப்புசல்லாவை ஜீவராஜ்.

‘எல்லாம் தெளிவா எழுதியிருக்காங்க. அளந்து வாங்கினேன், முதல் தடவையே பொருந்திச்சு. கூப்பிட்டுக் கேக்க ஒண்ணுமே மிச்சம் இல்ல.’