பெட்டியின் மூடியை யார் திறந்தது

திங்கட்கிழமை காலை நான் மழைக்கோட்டைக் கழற்றுவதற்குள் தொலைபேசி அடித்தது. பரீட்சைப் பிரிவின் எழுதுவினைஞர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிற மனிதர், எதற்கும் பதறாதவர். அன்றைக்குப் பதறினார்.

"தம்பி, ஒருக்கால் ஓடி வாரும். கொம்பியூட்டர் உள்ளுக்குப் போகுதில்லை. ஆரோ மூடியைக் கழட்டினதெண்டு போட்டுக்கிடக்கு."

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அறுபது எழுபது இயந்திரங்கள், நான் ஒருவன். ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் நிற்க எனக்கு வராது. ஒன்றைச் செய்யும்போதே அடுத்ததை நினைத்துக் கால் ஆடும். அம்மா என்னை "சுடுகால்" என்பார். அது ஒரு குறையென்று அதுவரை நான் நினைத்ததே இல்லை. சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சைப் பிரிவு அறையில் ஒரே ஒரு கணினிதான். அரையாண்டு வினாத்தாள்கள் எல்லாம் அதில்தான் தட்டச்சாகும். இணையம் கிடையாது, யாரும் பென்டிரைவ் செருக முடியாது. பரீட்சை தொடங்க மூன்று நாள் இருந்தது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி நின்றது: மூடி முன்பு அகற்றப்பட்டுள்ளது. அதற்குக் கீழே, தொடர வேண்டுமென்றால் ஒரு விசையை அழுத்தும்படி இன்னொரு வரி. அதை அழுத்த எழுதுவினைஞருக்குப் பயம்.

அந்தக் கணினிப் பெட்டியின் பக்கத்து மூடிக்குள் விரல்நுனி அளவில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. மூடி பூட்டியிருக்கும்வரை அது அழுத்தப்பட்டிருக்கும். மூடியை எடுத்தால் விடுபடும். விடுபட்ட கணத்தை மதர்போர்ட் பிடித்து வைத்துக்கொள்ளும். மின்சாரக் கம்பியைப் பிடுங்கிவிட்டுத் திறந்தாலும் தப்ப முடியாது, உள்ளே இருக்கிற வட்டப் பற்றரி அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும். மூடியைத் திரும்பப் பூட்டினாலும் அந்தப் பதிவு அழியாது. கணினியின் அடிப்படை அமைப்பான பயோஸுக்குள் போய், கடவுச்சொல் கொடுத்து, நாமே அழித்தால்தான் போகும். கடவுச்சொல் எனக்கு மட்டும் தெரியும்.

பதிவாளரும் வந்துவிட்டார். அவருக்கு இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். சொல்லும்போது எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

"அப்ப எப்ப திறந்திருக்கினம்?" என்று பதிவாளர் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் இதிலை வேலை செய்தனான், சேர். அப்ப உந்த எச்சரிக்கை இல்லை. சனி, ஞாயிறுக்குள்ளைதான் திறந்திருக்க வேணும்."

எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்! வெள்ளிக்கிழமை நான் அங்கே போனது உண்மை. எல்லாக் கணினிகளிலும் பாதுகாப்பு வசதிகளை இயக்கிவிடும்படி மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. பயோஸுக்குள் போய் ஒவ்வொன்றாக மாற்றினேன். மூடி எச்சரிக்கை என்ற இடத்தையும் மாற்றினேன். சேமிக்கும் விசையை அழுத்தினேன். இயந்திரம் அணைந்து திரும்ப எழும்பப் பார்த்தது. அது எழும்பும்வரை நிற்க என்னால் முடியவில்லை, அதுதான் முதல் அறை, இன்னும் ஏழு பாக்கி. முன்னால் இருந்த பொத்தானை அழுத்திப் பிடித்து அப்படியே அணைத்துவிட்டு நடையைக் கட்டினேன். அடுத்த அறைக்குப் போகுமுன் கல்லூரி பூட்டும் நேரம் வந்து, மற்றவை திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போயின.

சனிக்கிழமை அந்த அறையின் பூட்டுத் திறப்பை வாங்கியவர் ஒரே ஆள். அலுவலக உதவியாளர், நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர். பருத்தித்துறையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். நாலு வருடமாகத் தற்காலிகம். நிரந்தரமாக்கப் போகிறவர்களின் பட்டியலில் அந்த மாதம்தான் அவருடைய பெயர் ஏறியிருந்தது. மழை ஒழுக்கில் கோப்புகள் நனைந்துவிடும் என்று எழுதுவினைஞர் சொன்னதால் சனிக்கிழமை தனியே வந்து, மேசைகளை நகர்த்தி, அறையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்.

அவரைக் கூப்பிட்டார்கள். கையில் கூட்டுகிற தும்புத்தடியோடு வந்து வாசலில் நின்றார்.

"நான் மேசையை இழுத்தனான், சேர். பெட்டியைத் தூக்கிக் கதிரையிலை வைச்சனான். அதைத் திறக்க எனக்குத் தெரியாது."

"மேசையை இழுத்தால் மூடி கழலாது," என்றேன் நான். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் திருப்பிக் கோபப்பட்டிருப்பேன், அது எனக்கு நன்றாக வரும். அவர் வெறுமனே பார்த்தார். விசாரணை முடியும்வரை வீட்டில் நிற்கும்படியும், பட்டியல் விஷயத்தைப் பிறகு பார்க்கலாம் என்றும் பதிவாளர் சொன்னார். தும்புத்தடியை மூலையில் சாத்திவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு அவர் பஸ் பிடிக்கப் பலாலி வீதிக்குப் போனார்.

அன்று முழுவதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குற்ற உணர்ச்சி என்று பொய் சொல்ல மாட்டேன். பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற பரபரப்புத்தான். ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் பிரதி எடுத்திருப்பார்களோ, வேறு ஏதாவது செருகியிருப்பார்களோ என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பதிவாளர், தான் பக்கத்தில் நிற்காமல் யாரும் தொடக்கூடாது என்று அறையைப் பூட்டிவிட்டார். நான் அந்தப் பூட்டைக் கடந்து நாலு தடவை நடந்தேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத் திறந்தோம். நான் மூடியைச் சரித்து எடுத்தேன். டிஸ்க் அதன் இடத்தில் இருந்தது. கம்பிகள் சரியாக இருந்தன. புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குக் கை நின்றுவிட்டது.

உள்ளே தூசி இல்லை.

எங்கள் செம்மண் தூசி தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். இரண்டு கோடை திறக்காமல் விட்டால் காற்றாடியில் சிவப்பாகக் கம்பளி படிந்துவிடும். இது அண்மையில் துலக்கிய பெட்டி. காற்றாடி இதழ்களில் மெல்லிய படிவு மட்டும். வினாத்தாள் களவெடுக்க வந்தவர் காற்றாடியைத் தூரிகையால் துடைத்துவிட்டா போவார்?

துடைத்தது நான். வாணி விழாவுக்கு.

எங்கள் கல்லூரியில் வாணி விழாவுக்கு, அதாவது நவராத்திரிச் சரஸ்வதி பூசைக்கு, முதல்நாள் எல்லா இயந்திரங்களையும் துடைத்துச் சந்தனப் பொட்டு வைப்பது வழக்கம். மற்றவர்கள் வெளிப்புறத்தைத் துடைப்பார்கள். நான் மட்டும் மூடியைக் கழற்றி உள்ளேயும் துடைப்பேன். கலைவாணிக்கு அரைகுறை வேலை பிடிக்காது என்று பகிடி விடுவேன். முன்னொரு வருடம் அப்படித் துடைத்த மறுநாள் அலுவலகம் முழுக்க இந்த எச்சரிக்கை எழும்பி, காலையிலிருந்து மாலைவரை என்னைத் தொலைபேசியில் அழைத்து உயிரை எடுத்தார்கள். எரிச்சலில் எல்லாப் பெட்டிகளிலும் அந்த வசதியை "சத்தமில்லாமல்" என்ற நிலைக்கு மாற்றிவிட்டேன். அந்த நிலையில் மூடி திறந்தால் பதிவாகும், திரையில் மட்டும் காட்டாது. இந்த வருடமும் துடைத்தேன். அதுவும் பதிவாகியிருக்கிறது. ஒன்றரை மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அதன் வாயைத் திறந்துவிட்டதும் நான்தான். அது சொல்வதைக் கேட்க ஒரு நிமிடம் நிற்காமல் அணைத்துவிட்டுப் போனதும் நான்தான்.

"என்ன தம்பி, ஏதும் போயிருக்கோ?" என்றார் பதிவாளர்.

"இல்லை, சேர். எல்லாம் இருக்கு."

"அப்பாடா. அப்ப திறந்து பாத்திட்டு விட்டிருக்கினம். பரீட்சையை நடத்துவம். அந்தப் பிள்ளையை வேறை எங்கையும் சேர்க்கட்டும், எங்களுக்கு வேண்டாம்."

நான் "ஓம்" என்றேன். ஆமாம், ஓம் என்றுதான் சொன்னேன். கன்ரீனுக்குப் போய் ஒரு பிளேன்ரீ வாங்கினேன். குடிக்க முடியவில்லை. ஒரு மேசையில் இருந்தேன், எழும்பினேன், இன்னொரு மேசையில் போய் இருந்தேன். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. பெட்டி சொல்லாது. மூடி திறந்தது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். யார், எப்போது, எதற்கு என்று அதற்கு ஒன்றும் தெரியாது. அதையெல்லாம் சேர்த்துச் சொன்னது என் வாய்.

அரை மணி நேரத்தில் என் அறையிலிருந்த கணினியைத் தூக்கிக்கொண்டு பதிவாளரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அதே வகை, அதே நாளில் நான் துடைத்தது, அதுவும் சத்தமில்லாமல் இருப்பது.

"சேர், வாணி விழாவுக்கு நான் துடைச்ச பிறகு இதை ஆரும் திறக்கேல்லை. நீங்களே பாத்துக்கொண்டிருங்கோ."

பயோஸுக்குள் போய் எச்சரிக்கையை இயக்கினேன். சேமித்தேன். இந்தத் தடவை நின்றேன். திரை கறுத்தது, திரும்ப எழும்பியது. மூடி முன்பு அகற்றப்பட்டுள்ளது. நான் கையைத் தூக்கிக் காட்டினேன், எதையும் தொடவில்லை என்று.

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நேற்று ஏன் சனி, ஞாயிறு எண்டு சொன்னனீர்?"

பதில் சொன்னேன். அவசரம் என்று சொன்னேன், மறந்துவிட்டேன் என்று சொன்னேன். இரண்டும் உண்மை, இரண்டும் அசிங்கமாக இருந்தன. எனக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு வந்தது. அக்காவின் பெயர் பட்டியலில் அப்படியே இருக்கும் என்று ஒரு கடிதமும் எழுதினார்கள். கடிதத்தை நானே கொண்டுபோகிறேன் என்று கேட்டு வாங்கினேன்.

பருத்தித்துறைவரை மழையில் மோட்டார் சைக்கிளில் போனேன். அக்கா வீட்டு முற்றத்தில் மழைத்தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் திறந்தது, வாணி விழாவுக்கு, உங்களில் ஒரு பிழையும் இல்லை. நன்றாகத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டு வாங்கினால் கொஞ்சம் ஆறும் என்று ஆசைப்பட்டேன் என்பதே சரி. கையைக் கழுவிவிட்டுக் கடிதத்தை வாசித்தார், மடித்தார்.

"அப்ப நாளைக்கு நான் வரலாமோ, சேர்?"

"ஓம், அக்கா."

"சரி. வாறன்."

அவ்வளவுதான். அடுத்த மாதம் நிரந்தரமானார். எல்லோருக்கும் கேக் கொடுத்தார், எனக்கும் ஒரு துண்டு. நான் எல்லாப் பெட்டிகளிலும் பழைய பதிவை அழித்து, அழித்த திகதியை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். இப்போது எச்சரிக்கை வந்தால், எந்தத் திகதிக்குப் பிறகு திறந்தது என்றாவது சொல்லலாம்.

அக்கா இப்போதும் கிழமைக்கு இரண்டு தடவை பரீட்சைப் பிரிவைத் துடைக்கிறார். ஆனால் அந்த அறைக்குள் தனியே போவதில்லை. எழுதுவினைஞர் இல்லாத நாட்களில், திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு என் அறை வாசலுக்கு வருகிறார். கோபம் இல்லை, குத்தல் இல்லை, மற்றவர்களிடம் கதைக்கிற அதே குரல்தான்.

"சேர், நான் கூட்டி முடியுமட்டும் ஒருக்கால் வந்து நில்லுங்கோ. பிறகு ஆராவது ஏதும் கேட்டால், நீங்கள் சொல்லலாம்."

இருபது நிமிடம் ஆகும். நான் போய் நிற்கிறேன்.