முனை விட்ட ஷூ

ஷூவின் முனையைக் கட்டைவிரலால் அழுத்தியதும் அடிப்பாகம் வாயைப் பிளந்தது. மூன்று விரல் தாராளமாக உள்ளே போயிற்று. சகாயம்மாள் அதை வெளிச்சத்துக்குத் திருப்பி உள்ளே பார்த்தாள். பழைய பசை காய்ந்து பொருக்காகி, தொட்டால் உதிர்ந்தது.

“என்னத்தடி எட்டிப் பாக்குற? கெணத்துல வாளி விழுந்துருச்சா?” என்றான் அவள் புருஷன் குழந்தைராஜ். சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை அவன் தஞ்சாவூரில் இருக்க வேண்டும். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைக்கு வெல்டர் எடுக்கிறார்கள். முனையில் இரும்பு வைத்த ஷூ இல்லாதவனைப் பரீட்சைக்கு உள்ளே விட மாட்டார்கள். பிய்ந்த ஷூவோடு வந்த குத்தாலத்து ஆள் ஒருவனைப் போன தடவை வாசலிலேயே திருப்பி அனுப்பியதை ஏஜெண்ட் இரண்டு முறை சொல்லியிருந்தார். இந்த ஷூ சிங்கப்பூரிலிருந்து திரும்பிய வீரையனுடையது. வருஷக் கணக்கில் டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது. நன்னிலத்தில் இரவல் கேட்க வேறு ஷூ கிடையாது. பஸ் ஸ்டாண்டு ஓரம் செருப்புத் தைக்கிறவர் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை.

“சைக்கிள் சொல்யூஷன் இருக்கு. தடவிருவோமா?”

“அது டியூப்புக்கு. உங்க கனத்தத் தாங்குமா? இருங்க, பாய் கடைக்குப் போய்ப் பாத்துட்டு வர்றேன்.”

சகாயம்மாளுக்கு எதையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. கல்யாணமாகி வந்த புதிதில் மாமனாரின் டிரான்சிஸ்டரைக் கழற்றிவிட்டாள். திருப்பிப் பூட்டியபோது ஒரு திருகாணி மிஞ்சியது. ரேடியோ பாடத்தான் செய்தது. அந்தத் திருகாணி எதற்கென்று தெரியாமல் தையல் டப்பாவில் இன்னும் வைத்திருக்கிறாள். இப்போதும் அவள் கிளம்புவதற்கு முன் அடிப்பாகத்தின் உள்விளிம்பில் ஒரு துணுக்கைச் சீவி, குறட்டில் பிடித்து நெருப்பில் காட்டி முகர்ந்து பார்த்தாள்.

ஹாஜா மைதீன் கடைக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஆணிப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க தங்கச்சி. இன்னிக்கு எதக் கழட்டுனீங்க?”

“இது தானா கழண்டுச்சு பாய். ஷூ. முனை விட்டுப்போச்சு. சொட்டு விட்டா ஒட்டுமே, அந்தப் பசை குடுங்க.”

“நொடியில புடிக்கும். ஆனா காஞ்சா கண்ணாடி. நடக்கையில முனை மடங்குமா இல்லியா? பொட்டுனு விட்டுரும்.”

“அப்ப மடங்குற பசை எது?”

அவர் ஒரு தகர டப்பாவைத் தள்ளினார். “மேசையில மைக்கா ஒட்டுற மஞ்சப் பசை. காஞ்சாலும் ரப்பர் கணக்கா வளையும். ஆனா அடிப்பக்கம் ரப்பரா, பிளாஸ்டிக்கா? சில பிளாஸ்டிக்குல இது நிக்காது.”

“ரப்பர்தான். கொளுத்திப் பாத்துட்டேன். டயர் நாத்தம் வந்துச்சு.”

“அடுத்தவன் ஷூவக் கொளுத்திட்டா வந்துருக்கீங்க?” அவருக்கு டீ புரை ஏறியது. “மேல தோலு, கீழ ரப்பர். நல்லா நிக்கும். பழசச் சொரண்டி உப்புத்தாள் போடுங்க. ரெண்டு பக்கமும் தடவுங்க, அப்புறம் அமுக்கணும். அடுப்புகிட்ட கொண்டு போயிராதீங்க, குப்புனு புடிச்சுரும். ஆனா, தடவுனதும்...”

அதற்குள் அவள் படி இறங்கியிருந்தாள். அமுக்குவதைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. சம்பா அறுவடை முடிந்து வீட்டில் நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. சுருண்ட காலண்டர் முதல் நெளிந்த தகரம் வரை அந்த வீட்டில் எல்லாவற்றையும் நிமிர்த்துவது நெல் மூட்டைதான்.

சொன்னபடி சுரண்டினாள். உப்புத்தாளால் இரண்டு பக்கமும் தேய்த்துத் தூசியைத் துடைத்தாள். பசையைத் தடவி, ஈரத்தோடு சேர்த்து வைத்தாள். குழந்தைராஜ் மூட்டையைத் தூக்கி ஷூவின் மேல் சாய்த்தான்.

“ஷூவுக்கு மேல நெல்லு. எங்கம்மா பாத்தா வாரியலத் தூக்கும்” என்றான்.

சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, வெயில் இறங்கியதும் எடுத்தார்கள். அவன் முனையை லேசாக வளைத்தான். வாய் திறந்துகொண்டது. உள்ளே பசை பலாப்பழப் பால் மாதிரி நூல் நூலாக இழுத்தது.

“போச்சு” என்று அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். “நாளைக்கு நானும் வாசலோட வரவேண்டியதுதான்.”

அவள் கையிலிருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தாள். காலையில் இரண்டு விரல் நுனியிலும் பட்டது காய்ந்து, வழவழவென்று தோலோடு தோலாக இருந்தது. ஒரு விரலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. இரண்டு நுனிகளையும் சேர்த்து அழுத்தினாள். வெடுக்கென்று பிடித்துக்கொண்டன. பிரிக்கத் தோல் இழுத்தது.

“என்னங்க, இங்க பாருங்க. ஈரமா இருக்கையில புடிக்கல. காஞ்சதும் காஞ்சதும் சேந்தா புடிக்குது!”

“காஞ்ச பசை எப்படிடி ஒட்டும்?”

“அதான் எனக்கும் தெரியல. ஒட்டுது. நாம ஈரத்தோட மூடிட்டோம். உள்ள இருக்குறது எந்த வழியா காயும்?”

ஷூவை மடியில் வைத்தபோது இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. முனை தரையில் படாமல் மேல்நோக்கி வளைந்திருந்தது. மூட்டையின் கனம் முழுக்க நடுவில்தான் இறங்கியிருக்கிறது. ஒட்ட வேண்டிய இடம் அந்தரத்தில் நின்றிருக்கிறது.

மறுபடி தொடங்கினார்கள். ஈரப் பசையை விரலால் உருட்டி உருட்டி எடுத்தாள். மிச்சத்தை, அவன் வேலை பார்க்கும் பட்டறையிலிருந்து கொண்டுவந்த பெயிண்ட் தின்னரால் துடைத்தாள். அது உலர்ந்த பிறகு அட்டைத் துண்டால் மெல்லிசாகப் பூசினாள். தோல் பக்கம் பசையைக் குடித்துவிட்டதால் காய்ந்தபின் அங்கே இன்னொரு பூச்சு. அடிப்பாகம் தொட்டுக்கொள்ளாமல் இருக்க இடையில் ஒரு குச்சியை நிறுத்தி, வாசல் காற்றில் வைத்தாள். விரலின் பின்பக்கத்தால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நூல் இழுத்தது, பிறகு பிசுபிசுத்தது, பிறகு ஒன்றும் வரவில்லை.

“இப்ப” என்றாள். “ஒரு தடவை பட்டா நகத்த முடியாதுங்க. கோணிக்கிட்டா அவ்வளவுதான்.”

குச்சியை எடுத்தாள். பிரியாத இடத்திலிருந்து தொடங்கி, காற்று உள்ளே நிற்காமல் முனை நோக்கிக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனாள். பட்ட இடமெல்லாம் கவ்வியது.

பிறகு மூட்டையிலிருந்து நெல்லை அள்ளித் துணியில் இறுக்கிக் கட்டி, ஷூவின் முனைக்குள் திணித்தாள். அம்மிமேல் ஷூவைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

“அடிங்க.”

“பிஞ்சிரப் போவுதுடி.”

“உள்ள நெல்லு தாங்கும். நடுவுலேருந்து ஓரத்துக்கு அடிங்க. நாளெல்லாம் இரும்படிக்கிற ஆளு இதுக்குப் போயி யோசிக்கிறீங்க.”

அவன் சுத்தியலால் ஓங்கி அடித்தான். எதிர் வீட்டு ஆனந்தவல்லி எட்டிப் பார்த்து, “சிங்கப்பூருக்கு ஷூ செஞ்சு அனுப்புறீங்களா?” என்றாள். அடித்து முடித்ததும் அவன் முனையை வளைத்தான். நகத்தைக்கூட விட முடியவில்லை. சகாயம்மாள் வாங்கி, நெல் முடிச்சை உருவிவிட்டு, கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். விடியும்வரை அவனைத் தொட விடவில்லை.

மறுநாள் குழந்தைராஜ் முதல் பஸ்ஸுக்குப் போனான். வாசலில் நின்றவர் ஷூவின் முனையை மிதித்துப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். இரண்டு தகடுகளைப் பற்றவைத்துக் கொடுத்தான். பற்றவைத்த இடத்தை வளைத்துப் பார்த்தார்கள், விரிசல் இல்லை. தேறிவிட்டான் என்று பாஸ்போர்ட் நகல் வாங்கிக்கொண்டார்கள். சாயங்காலம் வீடு வந்தபோது சகாயம்மாள் முதலில் ஷூவைக் கழற்றச் சொல்லிப் பார்த்தாள். முனை அப்படியே இருந்தது. உள்ளே நாலைந்து நெல் கிடந்தன. மறுகால் ஷூவின் முனை லேசாக விட்டிருந்தது. அவள் உப்புத்தாளை எடுத்தாள்.