குழுவில் சேர மறுத்த இருவர்

அந்த ஒர்க்‌ஷீட்டை நான் நாயுடுபுரத்து வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தயாரித்தேன். வெளியே மேகம் இறங்கி எதிர்வீட்டு கேட் கூடத் தெரியவில்லை. பிளஸ் ஒன் மாணவர்களுக்கு வரிசை மாற்றங்களும் சேர்வுகளும் நடத்தி முடித்திருந்தேன். சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் கணக்கை வாக்கியமாகக் கொடுத்தால் திணறினார்கள். எங்கே வரிசை முக்கியம், எங்கே ஆளைத் தேர்ந்தெடுத்தாலே போதும் என்பது பிடிபடவில்லை. அதற்காகத்தான் எழுத்துகளை அடுக்கும் கணக்கும் குழு அமைக்கும் கணக்குமாகப் பத்துக் கேள்விகள்.

எங்கள் பள்ளியில் ஆங்கில வழி ஒரு பிரிவு, தமிழ் வழி ஒரு பிரிவு. இரண்டுக்கும் கணக்கு நான்தான். அப்போது நான் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிள்ளைகளுக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று ஆங்கிலத் தாளில் முதல் கேள்விக்கு ஊர்ப் பெயரையே போட்டேன். KODAIKANAL என்பதில் பத்து எழுத்து, K இரண்டு முறை, A மூன்று முறை. பத்து காரணீயத்தை, அதாவது ஒன்றிலிருந்து பத்து வரை பெருக்கி வருவதை, இரண்டு காரணீயத்தாலும் மூன்று காரணீயத்தாலும் வகுத்தால் மூன்று லட்சத்து இரண்டாயிரத்து நானூறு. தமிழ்த் தாளிலும் அதையே தமிழாக்கி ‘கொடைக்கானல்’ என்று எழுதினேன். கொ, டை, க், கா, ன, ல். ஆறும் வேறு வேறு. ஆறு காரணீயம், எழுநூற்று இருபது. வேலை சுலபமாக முடிந்தது.

ஐந்தாவது கேள்வி குழுக் கணக்கு. எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற பழைய மாதிரிதான். புத்தகத்தில் ‘ஒன்பது நபர்கள்’ என்றிருக்கும். நான் ‘நபர்களை’ எடுத்துவிட்டு இப்படி எழுதினேன்: ‘ஒரு பள்ளியில் ஒன்பது ஆசிரியர்கள் உள்ளனர். அவர்களிலிருந்து நால்வர் கொண்ட குழு அமைக்க வேண்டும். குறிப்பிட்ட இருவர் ஒரே குழுவில் இருக்க மறுத்தால், எத்தனை வழிகளில் குழுவை அமைக்கலாம்?’

எங்கள் மேல்நிலைப் பிரிவின் ஸ்டாஃப் ரூமில் சரியாக ஒன்பது பேர் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அந்த ஒன்பது பேரில் இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை என்பதும்தான்.

தமிழ் ஐயா திண்டுக்கல் பக்கத்துக்காரர். மூடிய அறையில் மூச்சு முட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைப்பார். கெமிஸ்ட்ரி டீச்சர் உள்ளூர்க்காரர். திறந்த ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து விடைத்தாளெல்லாம் நமத்துப்போகிறது என்று மூடுவார். அதில் தொடங்கிய சண்டை. நேரடியாகப் பேச்சு நின்றுபோய், “யாரோ ஜன்னலைத் தெறந்து போட்டுட்டுப் போயிட்டாங்க போல” என்று ஒருவர் சுவரிடம் சொல்வார். “காத்து வேணாங்கறவங்க ஃபிரிட்ஜுக்குள்ள உக்காரலாம்” என்று இன்னொருவர் செய்தித்தாளிடம் சொல்வார். இதெல்லாம் ஆசிரியர்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

தமிழ் வழி வகுப்பில் தாளைக் கொடுத்துவிட்டு மேசையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி வரிசை வரிசையாக முன்னால் வந்தது. கிளாவரையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற ஒரு பெண் எழுந்து நின்றாள்.

“மிஸ், அஞ்சாவது கணக்குல ஒரு டவுட்டு.”

“சொல்லும்மா.”

“அந்த ரெண்டு பேரு யாருன்னு எழுதணுங்களா?”

வகுப்பே சிரித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. “யாருன்னு தேவையில்ல, எத்தனை வழின்னு மட்டும் எழுது” என்று முடிந்தவரை கண்டிப்பாகச் சொன்னேன்.

ஆனால் அந்தக் கணக்கைப் போல வேறெந்தக் கணக்கையும் அவர்கள் ஆசையாகப் போட்டதில்லை. பாதிப் பேர் முப்பத்தைந்து என்று எழுதியிருந்தார்கள். இருவரையும் ஒதுக்கிவிட்டு மிச்சமுள்ள ஏழு பேரில் நால்வரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நான் விளக்குவதற்குள் அதே பெண் பெஞ்சில் திரும்பி உட்கார்ந்து பக்கத்திலிருந்தவளிடம் வாதாடினாள்.

“ஏய், ரெண்டு பேருமே வரமாட்டேன்னா சொன்னாங்க? சேந்து வரமாட்டேன்னுதான சொல்றாங்க. ஒருத்தர் மட்டும் வரலாம்ல?”

அதுதான் விஷயம். இருவரும் இல்லாத குழு முப்பத்தைந்து. ஒருவர் மட்டும் உள்ள குழு என்றால் அவர் யார் என்பதற்கு இரண்டு வழி, கூட வரும் மூவரை ஏழு பேரில் எடுக்க முப்பத்தைந்து வழி, ஆக எழுபது. மொத்தம் நூற்றைந்து. ஒரு வாரமாகத் தொண்டை வறளச் சொல்லியும் ஏறாதது ஒரே பாடவேளையில் ஏறிவிட்டது. சந்தோஷத்தில், விடைகளோடு எடுத்த ஒரு பிரதியை ஸ்டாஃப் ரூம் பிரிண்டர் மேலேயே விட்டுவந்ததை மறந்துபோனேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தமிழ் ஐயா அந்தத் தாளோடு என் மேசை முன் வந்து நின்றார்.

“டீச்சர், அஞ்சாவது கேள்வி யாரை வச்சு எழுதுனது?”

“ஐயா, அது... புத்தகத்துல இருக்கிற கணக்குதான். சும்மா நபர்னு இருந்தத...”

“ஒம்பது ஆசிரியர்னு போட்டிருக்கு. இந்த ரூம்ல ஒம்பது நாற்காலிதான் கெடக்கு.”

அதற்குள் மூலையிலிருந்து கெமிஸ்ட்ரி டீச்சரும் எழுந்து வந்தார்.

“அதத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன். பிள்ளைங்க லேபுல என்னைப் பாத்து நூத்தியஞ்சு, நூத்தியஞ்சுன்னு சிரிக்குதுங்க.”

“என்னையும்தான்” என்றார் ஐயா.

அதை அவர் கெமிஸ்ட்ரி டீச்சரிடமே சொன்னார், சுவரிடமோ செய்தித்தாளிடமோ இல்லை. நான் அதைக் கவனித்தேன். ஆனால் பயத்தில் ரசிக்க முடியவில்லை. கணக்கையே சொல்லத் தொடங்கினேன். கணக்கு டீச்சருக்கு ஒளிந்துகொள்ள வேறு இடம் ஏது?

“எந்த நிபந்தனையும் இல்லாட்டி நூத்தி இருபத்தாறு குழு அமைக்கலாம்ங்க. ரெண்டு பேரும் சேந்து இருக்கிற குழுன்னா, மிச்ச ரெண்டு இடத்துக்கு ஏழு பேர்ல ரெண்டு பேர், இருபத்தொண்ணு. அதக் கழிச்சா நூத்தியஞ்சு.”

“அப்போ நாங்க... அந்த ரெண்டு பேரும் சேரலேன்னா போறது வெறும் இருபத்தொண்ணுதானா?” என்றார் கெமிஸ்ட்ரி டீச்சர்.

“ஆமாங்க.”

இருவர் முகத்திலும் கோபம் போய் வேறு ஏதோ வந்தது. தாங்கள் பேசாமலிருப்பதால் பள்ளிக்கூடமே நடுங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள் போல. நூற்றைந்து குழு அவர்கள் சண்டையைக் கண்டுகொள்ளாமல் நன்றாகவே நடக்கும் என்பது இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை.

ஐயா விடுவதாக இல்லை. தாளில் வேறு குற்றம் தேடிக் கண்ணை மேலே ஏற்றினார். முதல் கேள்வியில் நின்றார்.

“கொடைக்கானலை மாத்தி மாத்தி அடுக்குனா எழுநூத்தி இருபதா? யாரு சொன்னா? தமிழ்ல அத்தனை வராது.”

“பொருள் இல்லாட்டியும் பரவால்லைன்னு கீழ போட்டிருக்கேங்க ஐயா.”

“பொருள் கெடக்கட்டும். வாயில வரணும்ல? டகரம், னகரம், லகரம் எதுவும் தமிழ்ச் சொல்லுக்கு முதல்ல வராது. புள்ளி வச்ச எழுத்தும் வராது. அப்ப முதல் இடத்துல நிக்க யாருக்கு யோக்கியதை? கொவுக்கும் காவுக்கும் மட்டுந்தான்.”

“ஏன், டீ முதல்ல டகரம்தான? அது இல்லாம ஐயாவுக்குப் பொழுதே விடியாதே” என்றார் கெமிஸ்ட்ரி டீச்சர்.

“அது வெளிய இருந்து வந்து சேந்த சொல்லுங்க” என்று ஐயா அவரைப் பார்த்தே பதில் சொன்னார்.

நான் பேப்பரில் போட்டேன். முதல் இடத்துக்கு இரண்டு வழி, மிச்சம் ஐந்து காரணீயம். இருநூற்று நாற்பது.

“இன்னும் இருக்கு” என்றார் ஐயா. அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “க் இருக்கே, அதுக்குப் பின்னால ககர வரிசைதான் வரலாம். வேற எதுவும் ஒட்டாது.”

“அப்போ அது ஒரு கெமிக்கல் பாண்டு மாதிரி” என்று கெமிஸ்ட்ரி டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “கொ முதல்ல நின்னா க் போய் காவோட ஒட்டிக்கும். கா முதல்ல நின்னா கொவோட ஒட்டிக்கும்.”

ஒட்டியதை ஒரே எழுத்தாக எண்ண வேண்டும். முதல் எழுத்து நின்றுவிட்டால் மீதி அடுக்க வேண்டியவை நான்கு. நான்கு காரணீயம் இருபத்து நான்கு, இரண்டு வகைக்கும் சேர்த்து நாற்பத்தெட்டு. எழுநூற்று இருபதிலிருந்து நாற்பத்தெட்டு! என் பயம் எப்போது போனதென்றே தெரியவில்லை.

“அடுத்து ல். மிச்சம் இருக்கிற டையோ னவோ க்கோ அதுக்குப் பின்னால வராது. ஆக அது கடைசியிலதான் நிக்கணும்” என்றார் ஐயா.

முதலும் கடைசியும் உறுதி. நடுவில் மூன்று, அவற்றை அடுக்க ஆறு வழி. ஆறும் ஆறும் பன்னிரண்டு.

கெமிஸ்ட்ரி டீச்சர் நம்பவில்லை. பன்னிரண்டையும் வரிசையாக எழுதத் தொடங்கினார். ஐயா அவர் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தார். கொக்காடைனல். காடைனக்கொல். கானக்கொடைல் என்றதும் டீச்சர், “இது இருமல் மருந்து மாதிரியில்ல இருக்கு” என்றார். ஐயா அடக்கப் பார்த்து முடியாமல் இருமியபடி சிரித்தார். பன்னிரண்டில் ஒன்று கொடைக்கானல். மிச்சம் பதினொன்றுக்கும் ஊர் கிடையாது என்று ஐயா வருத்தப்பட்டார்.

சத்தம் கேட்டு தலைமை ஆசிரியை சிஸ்டர் கதவருகே வந்து நின்றுவிட்டார். அவர் பார்வை அந்த இரண்டு பேர் மேலும் மாறி மாறிப் போனது.

“என்ன நடக்குது இங்க?”

“கணக்கு, சிஸ்டர்” என்றார் ஐயா.

“நல்லதாப் போச்சு. ஆண்டு விழாவுக்கு நாலு பேர் கமிட்டி போடணும்னு வந்தேன். நீங்க ரெண்டு பேரும், கணக்கு டீச்சரும், பி.டி. சாரும். வெரசா ஆரம்பிச்சிருங்க, நாள் இல்ல.” யாரும் மறுக்க நேரம் கொடுக்காமல் போய்விட்டார்.

கெமிஸ்ட்ரி டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “இது எதுல சேரும்?”

“இருபத்தொண்ணுல ஒண்ணுங்க.”

மறுநாள் வகுப்பில் ஐயாவின் மூன்று நிபந்தனைகளையும் கரும்பலகையில் எழுதி, இப்போது எத்தனை என்று கேட்டேன். கிளாவரைப் பெண் உள்ளிட்ட நாலைந்து பேர் பன்னிரண்டு என்று கொண்டுவந்தார்கள். ஒருவன் மட்டும் எழுநூற்று இருபதையும் எழுதிக் காட்டுகிறேன் என்று நோட்டைப் பிரித்து உட்கார்ந்திருந்தான். முதல் பக்கம் முடிவதற்குள் அவனே மூடிவிட்டான்.

கமிட்டியில் சமாதானம் எல்லாம் நிலவவில்லை. மேடைத் திரைக்கு என்ன நிறம் என்பதில் ஐயாவும் டீச்சரும் இரண்டு நாள் சண்டை போட்டார்கள். வரவேற்புரை நீளத்துக்காக இன்னொரு சண்டை. ஆனால் எல்லாம் முகத்துக்கு நேராக, பெயர் சொல்லி, நடுவில் எங்களை இழுக்காமல் நடந்தது. பி.டி. சாரும் நானும் பக்கோடா வாங்கி வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து பார்த்தோம். விழாவன்று மழை கொட்டி ஒலிபெருக்கி பாதியில் நின்றது. ஐயா மைக் இல்லாமலேயே மீதி நிகழ்ச்சியைத் தன் குரலில் நடத்தி முடித்தார். தொண்டை கட்டிப்போனவருக்கு கெமிஸ்ட்ரி டீச்சர் லேபிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து கொடுத்து, “பீக்கர்ல இல்ல, டம்ளர்லதான். தைரியமாக் குடிங்க” என்றார்.