தலையிலிருந்தா, வாலிலிருந்தா

பஸ் டிப்போவில் பிரேக் பார்க்கிற மெக்கானிக் அவள். எதையும் ஆதியோடந்தமாகச் சொல்லாமல் விடமாட்டாள் என்று டிப்போவில் அவளுக்கு ‘சீரியல் அக்கா’ என்று பெயர். “வீடு தீப்பிடிச்சாலும் நெருப்புப்பெட்டி வாங்கின கதையிலேருந்துதான் ஆரம்பிப்பா” என்பாள் அவள் நாத்தனார்.

சிரித்துக்கொள்வாள். போன வாரம் அந்தச் சிரிப்பு போனது. பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் ரப்பர் குழாய்கள், புதுசாக வந்த சரக்கு, சீக்கிரமே வெடிப்பு விட்டிருந்தன. அதை மேனேஜரிடம், சரக்கு வந்திறங்கிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தாள். பாதியில் அவருக்குப் போன் வந்தது, எழுந்து போய்விட்டார். அன்று சாயங்காலமே ஒரு பஸ்ஸின் குழாய் பிய்ந்தது. நல்லவேளை, டிப்போ கேட்டுக்குள்ளேயே. மலை இறக்கத்தில் என்றால்?

அதே குழாய் மாட்டிய பஸ்கள் இன்னும் ஆறு. எல்லாம் மலை ரூட்.

மறுநாள் விடியற்காலை மேனேஜர் கார் கதவைத் திறந்து கால் ஊன்றுமுன் எதிரே போய் நின்றாள்.

“சார், மலைக்குப் போற ஆறு பஸ்ஸையும் இன்னைக்கு வெளியே விடக்கூடாது.”

“ஏம்மா?”

“நேத்து பிஞ்ச குழாய்தான் ஆறுலயும். பழைய சரக்குல மிச்சமான நல்ல குழாய் ஸ்டோர்ல இருக்கு. மத்தியானத்துக்குள்ள மாத்திடுவோம். நீங்க சரின்னு சொல்லணும்.”

“முதல் ட்ரிப்புக்கு?”

“டவுன் பஸ் ரெண்டு சும்மா நிக்குது.”

“சரி, நிறுத்து.” காரிலிருந்து இறங்கக்கூட இல்லை.

வாகை சூடியவள்போல டிரைவர்கள் ரூமுக்குப் போனாள். அங்கேயும் அதே மாதிரி போட்டு உடைத்தாள்: “ஆறு பஸ்ஸும் நிக்குது!”

அவ்வளவுதான்! “எங்க டியூட்டில கைவைக்க நீ யாரு?” “மேனேஜருக்குக் காது குத்திட்டு வந்துட்டியா சீரியலு?” காரணம் சொல்ல வாயைத் திறந்தால் யார் கேட்கிறார்கள்? இருபது வருஷம் அந்த மலையில் ஸ்டியரிங் பிடித்த மீசைக்காரர் எழுந்து, சாவியை எடுத்துக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தார்.

அவள் வாசலை மறித்து நின்றாள். மேனேஜருக்கு நேரமில்லை, முடிவுதான் வேணும். இவங்களுக்கு நேரம் இருக்கு, மரியாதைதான் வேணும். பையில் வைத்திருந்த பிய்ந்த குழாயை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“அண்ணே, வளைச்சுப் பாருங்க. இது எப்ப வந்த சரக்கு தெரியுமா?”

பிறகு தன் பழைய வழியிலேயே, வந்திறங்கிய நாளிலிருந்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். முடிவை மட்டும் இந்தத் தடவை அவர்களிடமே விட்டாள். குழாய் கைமாறிக் கைமாறி ரூமைச் சுற்றி வந்தது. வளைத்த இடத்தில் ரப்பர் வாயைப் பிளந்தது.

மீசைக்காரர்தான் கேட்டார்: “என் பஸ்லயும் இதுதானா?”

“ஆமாண்ணே.”

சாவியை மேசைமேல் வீசினார். “இதை நம்பி நான் இறக்கத்துல இறங்கமாட்டேன். யாரும் எடுக்காதீங்கடா.”

அவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு அடியில் படுத்தாள்.